சார்ஜும் ரேட்டும் சேர்த்துப் பார்த்தால் எது மலிவு? வளைகுடாவிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புவோர் கேட்கும் கேள்விகள்

குடியாத்தம், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்களும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. ஷார்ஜாவில் ஓர் எக்ஸ்சேஞ்சில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். அதனால் அமீரகத்துத் திர்ஹாமை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறேன். மற்ற நாடுகளுக்கும் முறை இதேதான். கீழே வரும் ரேட்டும் சார்ஜும் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். நீங்கள் போடும்போது அன்றைய எண்களை வைத்துப் போடுங்கள்.

"ஒரு ஆப்புல சார்ஜே இல்லைன்னு போட்டிருக்கு. எக்ஸ்சேஞ்சுல இருபது திர்ஹாம் கேக்கறாங்க. அப்போ ஆப்புதானே லாபம்?"

எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சார்ஜ் வாங்காதவர்களும் சம்பாதிக்கத்தான் செய்கிறார்கள். அது ரேட்டுக்குள் இருக்கிறது. சந்தையில் ஒரு திர்ஹாமுக்கு 24 ரூபாய் கிடைக்கிற அன்று உங்களுக்கு 23.60 கொடுத்தால், ஒவ்வொரு திர்ஹாமிலும் 40 காசு அவர்கள் பக்கம் போகிறது. ரசீதில் அதற்கென்று தனி வரி கிடையாது. அமீரகத்தில் 2018 முதல் வாட் வரி இருக்கிறது. அந்த 5 சதவீதமும் வெளியே தெரிகிற சார்ஜுக்கு மட்டும்தான். ரேட்டுக்குள் இருக்கும் லாபத்துக்கு வாட் இல்லை. அதனால் வரிக் கணக்கிலும் அந்தத் தொகை உங்கள் கண்ணில் படாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எக்ஸ்சேஞ்சில் சார்ஜ் 20 திர்ஹாம், அதற்கு வாட் 1 திர்ஹாம், ஆக 21. ரேட் 23.88. ஆப்பில் சார்ஜ் இல்லை, ரேட் 23.60. உங்கள் கையில் மொத்தமே 2,000 திர்ஹாம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜையும் அதற்குள்ளேயே கட்ட வேண்டும்.

எக்ஸ்சேஞ்சில் 21 போக மீதி 1,979. அதை 23.88ஆல் பெருக்கினால் வீட்டுக்குச் சேர்வது 47,258 ரூபாய். ஆப்பில் 2,000ஐ 23.60ஆல் பெருக்கினால் 47,200. எக்ஸ்சேஞ்ச்தான் 58 ரூபாய் அதிகம் தருகிறது.

இப்போது அதே நாள், அதே ரேட், ஆனால் 1,000 திர்ஹாம் மட்டும் அனுப்புகிறீர்கள். எக்ஸ்சேஞ்சில் 979ஐ 23.88ஆல் பெருக்கினால் 23,378. ஆப்பில் 23,600. இங்கே ஆப்பு 222 ரூபாய் மேல். அப்புறம் 3,000 திர்ஹாமுக்குப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் 71,138, ஆப்பில் 70,800. எக்ஸ்சேஞ்ச் 338 ரூபாய் மேல்.

சார்ஜ் ஒரு தடவைதான். ரேட்டில் பிடிப்பது ஒவ்வொரு திர்ஹாமுக்கும் நடக்கிறது. சின்னத் தொகையில் சார்ஜ்தான் கடிக்கும், பெரிய தொகையில் ரேட்தான் கடிக்கும். இரண்டும் சமமாகிற தொகையை நீங்களே கண்டுபிடிக்கலாம்:

```
சமத் தொகை = சார்ஜ் × எக்ஸ்சேஞ்ச் ரேட் ÷ (எக்ஸ்சேஞ்ச் ரேட் − ஆப் ரேட்)
         = 21 × 23.88 ÷ (23.88 − 23.60)
         = 1,791 திர்ஹாம்
```

இந்த எண்களின்படி 1,791க்குக் கீழே அனுப்பினால் ஆப்பு, மேலே அனுப்பினால் எக்ஸ்சேஞ்ச். இரண்டு ரேட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மாறினால் இந்தத் தொகையும் மாறும். அதனால்தான் "எந்தக் கம்பெனி நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை. எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

"உண்மையான ரேட் எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆளாளுக்கு ஒண்ணு காட்டறாங்க."

டாலர் ரேட்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். திர்ஹாம் டாலரோடு கட்டிப்போட்ட நாணயம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம், பல வருடங்களாக அப்படியேதான் இருக்கிறது. ஆகவே திர்ஹாம் ரேட் ஏறியது, இறங்கியது என்று நாம் பேசுவதெல்லாம் உண்மையில் டாலருக்கும் ரூபாய்க்கும் நடுவில் நடப்பதுதான்.

போனில் USD INR என்று தேடுங்கள். 88.14 என்று வந்தால் அதை 3.6725ஆல் வகுத்தால் சரியாக 24.00. அதுதான் அந்த நிமிடத்துச் சந்தை ரேட். யாரும் அந்த ரேட்டை உங்களுக்குத் தரப்போவதில்லை, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். அது ஓர் அளவுகோல். அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்குத்தான் அது.

சவூதி ரியாலுக்கு 3.75ஆல் வகுக்க வேண்டும், கத்தார் ரியாலுக்கு 3.64ஆல். ஓமான் ரியாலும் பஹ்ரைன் தினாரும் டாலரோடு கட்டியவைதான். குவைத் தினார் மட்டும் பல நாணயங்களைச் சேர்த்த ஒரு கூடையோடு கட்டியது. அதற்கு இந்த வகுத்தல் ஒத்துவராது, KWD INR என்றே நேராகத் தேடுங்கள்.

எக்ஸ்சேஞ்சின் போர்டைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அதில் இந்திய ரூபாய்க்கு நேரே ஒன்றுக்கு மேற்பட்ட ரேட் இருக்கும். நோட்டு வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று, ஊருக்கு அனுப்புவதற்கு ஒன்று. கடைசியாகச் சொன்ன ரேட்தான் உங்களுக்கு உரியது, அதை TT ரேட் என்பார்கள். ஆப்பாக இருந்தால் முதல் பக்கத்தில் மின்னுகிற ரேட்டை நம்ப வேண்டாம். தொகையைப் போட்டு, 'உறுதி செய்' பட்டன் வருகிற கடைசித் திரை வரைக்கும் போய், அங்கே வீட்டுக்கு எத்தனை ரூபாய் சேரும் என்று காட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தாமல் வெளியே வந்துவிடலாம்.

ஒப்பிடும் இரண்டையும் ஐந்து பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பார்த்தால் சந்தை நகர்ந்ததை நீங்கள் கம்பெனியின் குணமாக எடுத்துக்கொள்வீர்கள்.

"எவ்வளவு போனா நியாயம்? எந்த அளவுக்கு மேல போனா வேற இடம் பாக்கணும்?"

மொத்தச் செலவைச் சதவீதமாகப் பாருங்கள். முதலில் சொன்ன 2,000 திர்ஹாம் கணக்கில் சந்தை ரேட்டுக்கு 48,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் வழியாக வந்தது 47,258. போனது 742 ரூபாய், அதாவது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த 742இல் சார்ஜால் போனது 504, ரேட்டால் போனது 238 என்று பிரித்தும் பார்க்கலாம். ஆப்பில் போனது 800, அதாவது 1.67 சதவீதம், முழுக்க ரேட்டில்.

உலக வங்கி இந்தச் செலவைக் கணக்கெடுக்கும்போது சார்ஜையும் ரேட் வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் எடுக்கிறது, 200 டாலர் அனுப்பினால் என்ன ஆகும் என்று பார்க்கிறது. 2030க்குள் இந்தச் செலவு 3 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. 200 டாலர் என்பது சுமார் 734 திர்ஹாம். நம் எக்ஸ்சேஞ்சில் 734 திர்ஹாமை மட்டும் அனுப்பினால் செலவு 3.35 சதவீதம் ஆகிவிடும். 2,000 அனுப்பினால் ஒன்றரை சதவீதத்தில் முடிகிற அதே கவுண்டர்தான்.

வளைகுடாவில் இந்தியாவுக்குப் பணம் அனுப்பப் போட்டி அதிகம். அதனால் என் கணக்கில், 2,000 திர்ஹாம் அளவுக்கு அனுப்புகிறவருக்கு மொத்தம் 2 சதவீதத்துக்கு மேல் போகிறது என்றால் அவர் வேறு இடம் பார்ப்பது நல்லது.

"வீட்டுக்காரர் மாசத்துக்கு ரெண்டு தடவை ஆயிரம் ஆயிரமா அனுப்பறார். ஒரே தடவையா அனுப்பச் சொல்லட்டுமா?"

எக்ஸ்சேஞ்ச் வழியாக என்றால் சொல்லுங்கள். அதே எண்களில் 1,000 திர்ஹாமாக இரண்டு தடவை அனுப்பினால் சேர்வது 46,757. ஒரே தடவை 2,000 அனுப்பினால் 47,258. மாதம் 501 ரூபாய் வித்தியாசம், வருடத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல்.

சார்ஜ் இல்லாத ஆப்பில் பிரித்து அனுப்பினாலும் சேர்த்து அனுப்பினாலும் அதே தொகைதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பணம் வந்தால்தான் வீட்டுச் செலவு கட்டுக்குள் இருக்கிறது என்று நினைக்கும் பெண்கள் உண்டு, அது நியாயமான காரணம்தான். அவர்களுக்கு ஆப்பே சரி.

பெரிய தொகை அனுப்புகிற சமயத்துக்கு ஒன்று சொல்கிறேன். வைகாசியில் கங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கோ, பள்ளிக் கட்டணத்துக்கோ, நகையை மீட்கவோ ஐந்தாயிரம், பத்தாயிரம் திர்ஹாம் அனுப்பும்போது கவுண்டரில் "ஸ்பெஷல் ரேட் கிடைக்குமா?" என்று கேளுங்கள். பெரிய தொகைக்குச் சில காசு ஏற்றிக் கொடுக்க மேனேஜருக்கு அனுமதி இருப்பது வழக்கம். கேட்டால்தான் கொடுப்பார்கள். 10,000 திர்ஹாமில் ஐந்து காசு ஏறினால் 500 ரூபாய்.

"ரேட் ஏறட்டும்னு மாசக் கடைசி வரைக்கும் வெச்சிருக்கலாமா அண்ணே?"

ஊரில் வட்டிக் கடன் இருந்தால் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். வீட்டில் 47,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கி வைத்திருக்கிறீர்கள், இந்தப் பணம் வந்தால் அடைபடும். மூணு வட்டி என்றால் மாதம் 1,410, ஒரு நாளைக்கு 47 ரூபாய். பத்து நாள் காத்திருந்தால் 470. அந்த 470ஐ ரேட்டிலேயே எடுக்க வேண்டுமானால் 1,979 திர்ஹாமுக்கு ரேட் 24 காசு ஏற வேண்டும். அதாவது 23.88 என்பது பத்து நாளில் 24.12 ஆக வேண்டும். சில சமயம் ஏறும், சில சமயம் இறங்கவும் செய்யும். வட்டி மட்டும் நிச்சயமாக ஏறும்.

கடன் இல்லை, பணம் எப்படியும் சேமிப்புக்குத்தான் போகிறது என்றால் சில நாள் பார்ப்பதில் தவறில்லை. ஆனாலும் ரேட் எந்தப் பக்கம் போகும் என்று கவுண்டரில் இருந்த எங்களுக்கே தெரியாது. பக்கத்து ரூம்காரர் சொல்வதை வைத்துச் சம்பளத்தைப் பிடித்து வைக்காதீர்கள்.

கிழமையில் ஒரு விஷயம் உண்டு. ரூபாய்ச் சந்தை திங்கள் முதல் வெள்ளி வரை, இந்திய நேரம் மாலை 3.30 வரைதான். அமீரகத்தில் அப்போது மணி 2. சனி ஞாயிறில் அனுப்பினால் அவர்கள் திங்கள் காலை என்ன ரேட்டுக்குத் திறக்கும் என்று தெரியாமல் உங்களுக்கு ரேட் கொடுக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஈடாகச் சில காசு கூடுதலாகப் பிடித்துவைப்பது உண்டு. ஞாயிறு லீவு என்பதால் அன்றைக்கே போக வேண்டியதில்லை. ஆப் வழியாக அனுப்புகிறவர் வார நாளில் மதியத்துக்குள் அனுப்பிவிடலாம்.

"புது ஆப்புல முதல் தடவை ரேட் சூப்பரா இருந்தது. ரெண்டாவது மாசம் அதே ஆப்பு குறைச்சலா குடுக்குது. ஏமாத்தறாங்களா?"

முதல் தடவைக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அது விளம்பரச் செலவு. தாராளமாக அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் ஒப்பிடுவதற்கு இரண்டாவது தடவையின் ரேட்டைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு விதமும் உண்டு. முதல் 1,000 திர்ஹாமுக்கு ஒரு ரேட், அதற்கு மேல் உள்ளதற்குக் குறைந்த ரேட் என்று பிரித்து வைப்பார்கள். 3,000 அனுப்பினால் பாதிக்கு மேல் குறைந்த ரேட்டில்தான் போகும். இந்த மாதிரி எது வந்தாலும் கடைசித் திரையில் வரும் ரூபாயை, உங்கள் கையை விட்டுப் போகும் மொத்தத் திர்ஹாமால் வகுத்துவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்கில் 47,258ஐ 2,000ஆல் வகுத்தால் 23.63. ஆப்பில் 23.60. சார்ஜ், வாட், சலுகை எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் வந்துவிடும்.

"கம்பெனி பேங்க்லேருந்து நேரா ஊர் பேங்குக்கு அனுப்பினேன். சொன்ன தொகை வரல. நடுவுல யாரு எடுத்தது?"

ஒரு நாட்டு வங்கியிலிருந்து இன்னொரு நாட்டு வங்கிக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக டாலராகவோ திர்ஹாமாகவோ போயிருக்கும். அந்த வழியில் நாலு இடத்தில் குறையலாம். உங்கள் வங்கி சார்ஜ் எடுக்கும். நடுவில் இருக்கும் வேறொரு வங்கி பணத்தைக் கைமாற்றிவிடும்போது சில டாலர்களைக் கழித்துக்கொள்ளும். காட்பாடியிலோ வேலூரிலோ உள்ள உங்கள் வங்கி அதைத் தன் ரேட்டில் ரூபாயாக மாற்றும், அந்த ரேட் நீங்கள் அனுப்பிய நாளில் பார்த்த ரேட்டாக இருக்காது. மாற்றிய பிறகு ஜி.எஸ்.டி.யும் உண்டு.

ஜி.எஸ்.டி. பெரிதல்ல. ஒரு லட்சம் வரை மாற்றிய தொகையின் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து, அதற்கு 18 சதவீதம் போடுவார்கள். 47,000 ரூபாய்க்கு 85 ரூபாய்க்குள் வரும். குறைந்தபட்சம் 45. வலிப்பது நடு வங்கியின் கழிவும் ரேட்டும்தான்.

எக்ஸ்சேஞ்ச் வழி வேறு. அவர்கள் இந்திய வங்கியோடு ஒப்பந்தம் போட்டு, அங்கே தங்கள் கணக்கில் ரூபாயை முன்கூட்டியே வைத்திருப்பார்கள். ரிசர்வ் வங்கி இதை ரூபாய் டிராயிங் ஏற்பாடு என்கிறது. ரூபாய்த் தொகை கவுண்டரிலேயே முடிவாகிவிடுவதால் ரசீதில் 47,258 என்று இருந்தால் பாஸ்புக்கிலும் 47,258தான் இருக்க வேண்டும். குறைந்தால் ரசீதோடு போய்க் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சம்பளம் மாதிரித் தொகைக்கு ஸ்விஃப்ட் ஒத்துவராது என்பதுதான் என் அபிப்பிராயம்.

"அம்மாவுக்கு ஏடிஎம் எல்லாம் தெரியாது. கையில காசா கிடைக்கற மாதிரி அனுப்பலாமா?"

அனுப்பலாம். எண்ணைச் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி, ஊரில் உள்ள ஏஜெண்டிடம் வாங்கிக்கொள்ளும் முறை அது. இதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. ஒரு தடவைக்கு 2,500 டாலர் வரை, ஒருவர் ஒரு காலண்டர் வருடத்தில் 30 தடவை வரை பெறலாம். 50,000 ரூபாய் வரைதான் ரொக்கமாகத் தருவார்கள், அதற்கு மேல் காசோலையாகவோ கணக்கிலோதான்.

ரொக்கத்துக்குச் சார்ஜ் கூடுதலாகவோ ரேட் குறைவாகவோ இருப்பது வழக்கம், இரண்டையும் மேலே சொன்ன வகுத்தலில் போட்டுப் பாருங்கள். ராத்திரி யாரையாவது சி.எம்.சி.யில் சேர்த்துவிட்டு உடனே காசு வேண்டும் என்றால் இந்த வழி உதவும். மாதா மாதம் இதில் அனுப்ப வேண்டாம். அம்மா பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால், கிராமத்திலேயே வங்கி முகவர் கைரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுப்பார், ஏடிஎம் தேவைப்படாது.

"உண்டியல்ல அனுப்பினா ஒரு திர்ஹாமுக்கு முப்பது காசு அதிகமா கிடைக்குது. ஊர்ல பாதிப் பேர் அதுலதானே அனுப்பறாங்க?"

2,000 திர்ஹாமுக்கு முப்பது காசு என்றால் 600 ரூபாய். அந்த 600க்கு நீங்கள் வைக்கிற பணயத்தைப் பாருங்கள்.

வங்கியோ எக்ஸ்சேஞ்சோ இல்லாமல் ஆள் வழியாகப் பணம் மாற்றும் உண்டியல், அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவுக்கு எதிரானது. முன்பெல்லாம் ஆள் வந்து கையில் காசு கொடுத்துவிட்டுப் போவார். இப்போது முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து உங்கள் மனைவியின் கணக்குக்கு யுபிஐயில் பணம் விழுகிறது. அந்தப் பணம் எங்கோ ஒருவரை ஆன்லைனில் ஏமாற்றி எடுத்ததாக இருந்தால், புகார் கொடுத்ததும் போலீஸ் அந்தப் பணம் போன பாதையைப் பிடித்துக்கொண்டே வரும். வழியில் உள்ள கணக்குகள் எல்லாம் முடங்கும், உங்கள் வீட்டுக் கணக்கும் சேர்த்து. அதில் இருக்கும் பழைய சேமிப்பையும் எடுக்க முடியாது. வேறு மாநிலத்து சைபர் கிரைம் அலுவலகத்துக்கு எழுதி, இது என் சம்பளம் என்று நிரூபிக்க வேண்டும். உண்டியலில் அனுப்பியதற்கு ரசீது எங்கே இருக்கிறது?

நாளைக்கு வீட்டுக் கடன் வாங்கப் போனாலும், மனை வாங்கிய பணத்துக்கு வருமான வரித் துறை கணக்குக் கேட்டாலும் ரசீது இல்லாத பணம் உங்களைக் காப்பாற்றாது. யார் எவ்வளவு அதிகம் கொடுத்தாலும் இதில் இறங்காதீர்கள்.

"ரூம்ல நாலு பேரு. சார்ஜை மிச்சம் பண்ண எல்லார் காசையும் சேர்த்து ஒருத்தர் பேர்ல அனுப்பி, ஊர்ல பிரிச்சுக்கலாமா?"

நல்ல மனதோடு செய்வது, தெரிகிறது. ஆனால் 1,800 திர்ஹாம் சம்பளக்காரர் பெயரில் மாதா மாதம் 6,000 போனால் எக்ஸ்சேஞ்சின் கணினி அதை எடுத்துக் காட்டிவிடும். சம்பளச் சான்று கேட்பார்கள். பதில் இல்லை என்றால் அவர் பெயரில் அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள். ஊரிலும் உறவில்லாத மூன்று குடும்பத்துப் பணம் ஒருவர் கணக்கில் வந்து பிரிந்து போகும். மிச்சமாகிற தொகை மொத்தமே 63 திர்ஹாம், ஆளுக்குப் பதினாறு கூட வராது. அவரவர் பெயரில் அவரவர் பணத்தை அனுப்புங்கள். தொகை சின்னதாக இருந்தால் சார்ஜ் இல்லாத ஆப்பைப் பாருங்கள்.

"நான் ரியாத்ல இருக்கேன். உங்க கணக்கு எனக்கும் பொருந்துமா?"

பொருந்தும். வாட் மட்டும் உங்களுக்கு 15 சதவீதம், 2020 ஜூலை முதல். 20 ரியால் சார்ஜ் என்றால் 23 ரியாலாகப் போடுங்கள். ரேட்டைச் சரிபார்க்க டாலரை 3.75ஆல் வகுக்க வேண்டும்.

"தம்பி சிங்கப்பூர்ல இருக்கான். அங்க போன்லயே அனுப்பலாம்னு சொல்றாங்களே?"

2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் யுபிஐயையும் இணைத்தார்கள். இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலேயே அதில் சேர்ந்தவை. வேகம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் ரேட்டைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. சிங்கப்பூர் டாலர் தனியாக ஏறி இறங்குகிற நாணயம், SGD INR என்று தேடிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

"யார் கணக்குக்கு அனுப்பறது? வரி போடுவாங்களா?"

வெளிநாட்டில் குடியிருப்பவர் அங்கே சம்பாதித்த சம்பளத்துக்கு, அதை இங்கே அனுப்புவதால் வரி வராது. மனைவிக்கும் பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அனுப்பும் பணம் அவர்களின் வருமானமாகவும் ஆகாது. எந்தக் காரணத்துக்காக என்று கேட்டால் குடும்பச் செலவு என்று சொல்ல வேண்டும், வங்கியில் அதற்கான குறியீடு P1301.

செலவுக்கு வீட்டார் கணக்கு. சேமிப்புக்கு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று உள்ள என்ஆர்இ கணக்கு உங்கள் பெயரில். அதில் வரும் வட்டிக்கு வரி இல்லை. வெளிநாடு போன பிறகும் பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டுபவர்கள் நிறையப் பேர். அதை வங்கியில் சொல்லி என்ஆர்ஓ ஆக மாற்ற வேண்டும், விதி அப்படி.

"பணம் அனுப்பி நாலு நாள் ஆச்சு, திரும்பி வந்துடுச்சுன்னு சொல்றாங்க. திரும்பினதுல குறைச்சலா இருக்கே?"

பணம் திரும்பினால் ரூபாயை மறுபடி திர்ஹாமாக மாற்றுவார்கள். அதற்கு வேறு ரேட், உங்களுக்குக் குறைவாகத்தான் வரும். முதலில் கட்டிய சார்ஜும் பெரும்பாலும் போனதுதான். மறுபடி அனுப்ப மறுபடி சார்ஜ். ரேட்டில் பத்துக் காசு பார்த்துப் பார்த்து மிச்சப்படுத்தியது ஒரே தவறில் போய்விடும்.

நம் பக்கத்து ஆட்களுக்குத் திரும்பி வருவதற்கு இரண்டு காரணங்களை அதிகம் பார்த்திருக்கிறேன். ஒன்று இனிஷியல். பாஸ்புக்கில் "செல்வி மு" என்று இருக்கும், ஆதாரில் "செல்வி முருகேசன்" என்று இருக்கும், அனுப்புகிறவர் வெறும் "செல்வி" என்று எழுதுவார். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ, இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால், அப்படியே எழுத வேண்டும். அந்தப் பக்கத்தை வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வாயால் சொல்லிக் கேட்டு எழுத வேண்டாம்.

இரண்டாவது ஐஎஃப்எஸ்சி எண். மொத்தம் 11 இடம், ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில எழுத்து 'ஓ' என்று அடித்துவிடுவார்கள். பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு பழைய எண்ணையே போடுகிறவர்களும் உண்டு. 2020 ஏப்ரலில் ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்த பிறகு அந்தக் கிளைகளின் எண்கள் மாறிவிட்டன. அந்த வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்கள் கிளைக்குப் போய்ப் புதுப் பாஸ்புக் வாங்கி, அதிலுள்ள எண்ணைத்தான் அனுப்ப வேண்டும். இரண்டு வருடம் நீங்களாக எதுவும் போட்டு எடுக்காமல் விட்ட கணக்கும் முடங்கியிருக்கும். முதல் தடவை அனுப்பும் முன் வீட்டார் ஆதாரோடு போய் அதை உயிர்ப்பித்து வைக்கட்டும்.

புதுக் கணக்குக்கு முதல் தடவை முழுச் சம்பளத்தையும் அனுப்பாதீர்கள். சார்ஜ் இல்லாத ஆப் வழியாக அனுமதிக்கும் மிகச் சின்னத் தொகையை அனுப்பி, வீட்டில் மெசேஜ் வந்ததா என்று கேட்டுவிட்டு, அப்புறம் மீதியை அனுப்புங்கள்.